“மற்றவை தங்கள் பதில் கண்டு”: வாழ்த்தோடு முடிந்துவிடும் மின்னஞ்சலில் காரியம் எங்கே இருக்கிறது?

தமிழ்ச் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, முன்னாள் மாணவர் மன்றம் போன்ற ஒன்றின் பொது மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை புதிதாக உங்களிடம் வந்திருந்தால், முதல் வாரத்திலேயே இப்படி ஒரு மெயில் கண்ணில் படும். பெருமதிப்பிற்குரிய ஐயாவுக்குப் பணிவான வணக்கம் சொல்லியிருப்பார்கள். குடும்பத்தார் நலத்துக்குப் பிரார்த்தனை இருக்கும். சங்கத்தின் தொண்டுக்குப் பாராட்டு இருக்கும். கீழே “பணிவன்புடன்” என்று கையெழுத்து. எதற்காக எழுதினார் என்பது மட்டும் இருக்காது.

புதியவர்கள் இதில் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, வாழ்த்து மெயில் என்று நினைத்து மூடிவிடுவது. மற்றொன்று, “என்ன விஷயம் என்று சொல்லுங்கள்” என்று ஒரே வரியில் பதில் போடுவது. முதலாவதில் ஒருவருடைய விண்ணப்பம் காணாமல் போகிறது. இரண்டாவதில் அவர் கூச்சப்பட்டு “ஒன்றுமில்லை ஐயா, நலம் விசாரிக்கத்தான் எழுதினேன்” என்று பின்வாங்கிவிடுகிறார். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

முதலில்: காரியம் வேறு எங்காவது இருக்கிறதா?

மெயிலில் காரியம் இல்லை என்று முடிவுகட்டும் முன், அது வந்து சேரவேயில்லையா, வந்தும் உங்கள் கண்ணில் படவில்லையா என்று பாருங்கள். கைபேசியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டியலில் அனுப்பியவர் பெயர், பொருள், முதல் வரி இவ்வளவுதான் தெரியும். முதல் வரி எல்லாருக்கும் “பெருமதிப்பிற்குரிய” என்றே தொடங்கும். கணினியில் திறந்து, கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

கீழிருந்து படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்குப் பி.கு. என்பது மறந்துபோனதைச் சேர்க்கும் இடம் மட்டுமல்ல, கேட்கக் கூச்சமானதைக் கேட்கும் இடமும்கூட. கையெழுத்துக்குக் கீழே, முகவரிக்கும் கீழே, “பி.கு.: ரசீது இன்னும் வரவில்லை” என்று ஒரு வரி கிடக்கும். மேலே இருந்த பதினைந்து வரியும் அந்த ஒரு வரிக்கு விரித்த பாய்.

மெயில் மிகப் பெரியதாக இருந்தால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டிவிட்டு அடியில் `[Message clipped] View entire message` என்று காட்டும். ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டும்போது இது நடக்கிறது. வேர்டு கோப்பிலிருந்து வடிவமைப்போடு அப்படியே ஒட்டியவர்களின் மெயிலும், பலமுறை முன்னனுப்பி வந்த மெயிலும் இந்த அளவை எட்டிவிடும். அந்த இணைப்பைச் சொடுக்கினால் மீதி தெரியும்.

அடுத்தது இணைப்பு. பலர் மனுவைக் கையால் எழுதிப் படம் பிடித்து இணைத்துவிடுவார்கள். மெயிலின் உடல் அவர்களுக்கு வெறும் உறை. உறைமேல் மரியாதை எழுதினால் போதும், விஷயம் உள்ளே இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. “இத்துடன் இணைத்துள்ளேன்” என்று எழுதியிருந்து இணைப்பு இல்லையென்றால், அது விட்டுப்போயிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது சுலபம்.

நான்காவது இடம் புதியவர்களை நன்றாக ஏமாற்றும். மரியாதைப் பகுதி தெளிவான தமிழில் இருக்கும். அதன்கீழ் `tzf;fk;` என்பதைப் போல ஆங்கில எழுத்துக் குப்பை நான்கு பத்திக்கு ஓடும். ஏதோ கோளாறு என்று விட்டுவிடத் தோன்றும். உண்மையில் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ். மேலே எழுதிக்காட்டியது “வணக்கம்” என்ற சொல்தான். வாழ்த்தைக் கைபேசியில் யூனிகோடில் எழுதிவிட்டு, தட்டச்சு நிலையத்தில் அடித்து வைத்திருந்த மனுவை ஒட்டினால் இப்படித்தான் வரும். பகுதியை நகலெடுத்து வேர்டில் ஒட்டி, எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினால் படிக்கலாம். இணையத்தில் எழுத்துரு மாற்றிகளும் உண்டு. ஆனால் மனுவில் வங்கிக் கணக்கு எண்ணோ மருத்துவ விவரமோ இருக்கலாம், அதை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டுவதைவிட எழுத்துருவை உங்கள் கணினியில் நிறுவிக்கொள்வது மேல்.

கடைசியாக, அதே நபரிடமிருந்து இன்னொரு மெயில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வணக்கம் எழுதி முடிக்கும்போதே கை பட்டு மெயில் போய்விடுவது சாதாரணம். பிறகு முழுதாக எழுதி மறுபடி அனுப்பியிருப்பார். பொருள் வரி மாறியிருந்தால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகக் காட்டும், சில நேரம் ஸ்பேமில் போட்டிருக்கும். தேடல் பெட்டியில் இப்படி இடுங்கள், முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
from:peyar@example.com in:anywhere newer_than:30d
```

`in:anywhere` என்று சேர்த்தால்தான் ஸ்பேமிலும் குப்பைத்தொட்டியிலும் தேடும்.

எங்கும் இல்லையென்றால்: அடித்துப் பார்ப்பது

இவை எதிலும் அகப்படவில்லை என்றால், காரியம் முகமனுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மரியாதைப் பகுதியைத் தாண்டிக் குதித்தால் அகப்படாது, அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். வழி எளியது. மெயிலை ஒரு தாளில் அச்செடுத்து, வேறு யாருக்கு அனுப்பினாலும் பொருந்தக்கூடிய வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். உங்கள் சங்கத்துக்கு, இந்த மாதத்தில், இவர் மட்டுமே எழுதியிருக்கக்கூடிய வாக்கியங்கள் மிஞ்சும்.

ஒரு மெயிலை எடுத்துச் செய்து பார்ப்போம். பொருள் வரியில் “வணக்கம்” என்று மட்டும் இருக்கிறது. வந்த நாள் ஜூன் முதல் வாரம்.

> உ
> பெருமதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கங்கள் பல. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சங்கத்தின் நிர்வாகப் பெருமக்கள் அனைவரும் எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நலமுடனும் வளமுடனும் நீடூழி வாழப் பிரார்த்திக்கிறேன். தங்கள் தலைமையில் சங்கம் ஆற்றிவரும் தொண்டு நாடறிந்தது. சென்ற பொங்கல் விழாவில் தாங்கள் ஆற்றிய உரையை இன்றும் நினைந்து மகிழ்கிறோம். அவ்விழாவில் என் பேத்தி குறள் ஒப்புவித்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்களைப் போன்ற பெரியோர் ஆசியால் அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பை நல்லபடியாக முடித்திருக்கிறாள். தங்கள் நல்லாசி என்றும் எங்கள் குடும்பத்துக்கு வேண்டும். மற்றவை தங்கள் பதில் கண்டு.
> பணிவன்புடன்

வணக்கம், பிரார்த்தனை, நாடறிந்த தொண்டு எல்லாம் அடிபடும். உரையைப் பாராட்டிய வரி அரைகுறை, ஆனாலும் அடித்துவிடலாம். பொங்கல் விழாவுக்கு வந்த யாரும் அதை எழுதலாம். மிஞ்சுவது மூன்று வரி. பேத்தி விழாவில் குறள் சொன்னாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மற்றவை பதில் கண்டு.

இனி அந்த மூன்றையும் சங்கத்தின் நாட்காட்டியோடு ஒட்டிப் பாருங்கள். ஜூன் மாதத்தில் சங்கம் என்ன செய்கிறது? மேற்படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்குகிறது. விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பேத்தி சங்கத்துக்கு அறிமுகமானவள் என்று ஒரு வரியிலும், தகுதி வந்துவிட்டது என்று அடுத்த வரியிலும் அவர் சொல்லியிருக்கிறார். “பணம் கொடுங்கள்” என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. “நல்லாசி” என்ற சொல்லில் அதை வைத்து மூடியிருக்கிறார்.

கடைசி வரியைக் கவனியுங்கள். “மற்றவை நேரில்”, “மற்றவை தங்கள் பதில் கண்டு” என்பவை இன்லேண்டு லெட்டர் காலத்துச் சம்பிரதாய வரிகள், பழக்கத்தில் வந்து விழுபவை என்று தள்ளிவிடலாம். ஆனால் காரியமே சொல்லாத மெயிலில் அது வந்தால் அதற்குப் பொருள் உண்டு. “நான் கதவைத் தட்டிவிட்டேன், திறக்க வேண்டியது நீங்கள்” என்கிறார். எழுதியவரின் மனத்தில் காரியம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், நீங்களோ அவர் விஷயத்தைச் சொல்லட்டும் என்று இருக்கிறீர்கள். விண்ணப்பக் கடைசி நாள் இந்த இடைவெளியில்தான் கழிந்துபோகிறது. தானியங்கிப் பதில் வைத்திருந்தால் இன்னும் மோசம். “உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்வோம்” என்று பார்த்ததும், விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

(காரியத்தைச் சொல்லாமல் விடும் இந்தப் பழக்கத்தை முன்னோர் தலையில் போட வேண்டாம். சோழர் கல்வெட்டுகள் பலவும் மன்னன் வென்ற நாடுகளை அடுக்கும் நீண்ட மெய்க்கீர்த்தியோடுதான் தொடங்குகின்றன. ஆனால் “யாண்டு” என்ற சொல் வந்ததும் ஆட்சியாண்டு, ஊர், கொடுத்தவர், கொடுத்தது என்று அளவோடு காரியத்துக்கு வந்துவிடும்.)

முகப்பைப் பார்த்து ஆளை எடை போடவும் கூடாது. பிள்ளையார் சுழி, “சிவமயம்”, “அஸ்ஸலாமு அலைக்கும்”, “கர்த்தருடைய இனிய நாமத்தில்” எல்லாம் அவரவர் வீட்டு வாசல். அவை நீண்டிருப்பதால் உள்ளே காரியம் இல்லை என்று ஆகாது.

பதில் எழுதுவது

பதிலில் மரியாதை இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரிக்குக் குறையவும் வேண்டாம். அவர் பத்து வரி எழுதினார் என்று நீங்களும் பத்து வரி எழுதினால், அடுத்த மெயில் இருபது வரியில் வரும், காரியம் அப்போதும் வராது. மரியாதையே இல்லாமல் எழுதினால் அவர் மனம் சுருங்கும். அவர் சொன்ன குறிப்பான செய்தி ஒன்றைத் திருப்பிச் சொல்வதுதான் சரியான அளவு. மெயிலை முழுக்கப் படித்தீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

> ஐயா, வணக்கம். தங்கள் வாழ்த்துக்கு நன்றி. பொங்கல் விழாவில் குறள் ஒப்புவித்த பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது அறிந்து மகிழ்ச்சி.
> சங்கத்தின் மேற்படிப்பு உதவித்தொகைக்கு ஜூன் 20 வரை விண்ணப்பம் பெறுகிறோம். அதை ஒட்டி எழுதியிருந்தால், மதிப்பெண் பட்டியலின் நகலை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள், விண்ணப்பப் படிவம் அனுப்பிவைக்கிறோம். வேறு காரியமானால் ஒரு வரி எழுதுங்கள், அல்லது தங்களை எந்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கலாம் என்று சொல்லுங்கள்.

இதில் “உங்களுக்கு உதவித்தொகை வேண்டுமா?” என்ற கேள்வி எங்கும் இல்லை. உதவித்தொகை ஒன்று இருக்கிறது, இந்த நாள் வரை வாங்குகிறோம் என்று எல்லாருக்கும் சொல்லும் செய்தியைச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். ஊகம் சரியென்றால் அவர் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. தவறென்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அடுத்து அவர் செய்ய வேண்டியது ஒரே வேலை, ஒரு நகலை அனுப்புவது. கூச்சமுள்ளவருக்குக் கேட்டு எழுதுவதுதான் கடினம், காகிதம் அனுப்புவது கடினமில்லை.

எல்லை ஒன்று உண்டு. ஊகத்தில் வாக்குறுதி கலக்கக் கூடாது. “உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்கிறோம்” என்று எழுதிவிட்டால் அது பிறகு சங்கம் கொடுத்த வாக்காகிவிடும். ஊகம் குடும்பத் தகராறு, நோய், கடன் என்ற பக்கம் போனால் அதை எழுத்தில் வைக்கவே வேண்டாம். பொதுப் பெட்டியை நான்கு பேர் பார்ப்பார்கள். “தங்களோடு பேச வேண்டும், எப்போது அழைக்கலாம்?” என்பது போதும்.

பொருள் வரியை மாற்றலாமா என்று பலர் கேட்பதுண்டு. “வணக்கம்” என்ற பொருளில் இருபது மெயில் கிடக்கும்போது மாற்றத்தான் தோன்றும். ஆனால் பொருளை மாற்றினால் ஜிமெயிலில் பதில் தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், பழைய மெயில் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் நிற்கும். அதைவிட “உதவித்தொகை” என்று ஒரு லேபிள் ஒட்டி வைப்பது நல்லது. தேடும்போதும் அகப்படும், இழையும் அறுபடாது.

எல்லாம் அடிபட்டுப் போனால்

பென்சிலால் அடித்த பிறகு ஒரு வரிகூட மிஞ்சவில்லையா? அப்போது இரண்டில் ஒன்று. தெரிந்தவர் தீபாவளிக்கோ புத்தாண்டுக்கோ அனுப்பிய உண்மையான வாழ்த்தாக இருக்கலாம், நன்றி சொல்லி முடிக்கலாம். தெரியாதவர் அனுப்பியது என்றால் அது தூண்டில்.

“கடவுளின் பிரியமானவரே, உமக்கும் உமது இல்லத்தாருக்கும் சமாதானம் உண்டாவதாக” என்று தொடங்கி, ஆசியிலேயே நடந்து, “தயவுசெய்து பதில் தாருங்கள்” என்று முடியும். முன்பணம் பறிக்கும் மோசடியின் முதல் மெயில் இது. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவை வைத்து இவ்வகை மோசடியை 419 என்றும் சொல்வார்கள். இதில் காரியம் இல்லாதது கூச்சத்தால் அல்ல. கோடிக்கணக்கான டாலர், வாரிசு, வங்கிக் கணக்கு என்ற சொற்கள் இருந்தால் ஸ்பேம் வடிகட்டி பிடித்துவிடும், ஆசீர்வாதத்தைப் பிடிப்பது கடினம். அதோடு, பதில் போடும் ஆளே அவர்களுக்குத் தேவையான ஆள். பணக்கதை இரண்டாவது மெயிலில் வரும், “கட்டணம்” மூன்றாவதிலோ நான்காவதிலோ வரும்.

பெரியவரின் மெயிலுக்கும் இதற்கும் வேறுபாடு முகமனின் நீளத்தில் இல்லை. பெரியவரின் முகமனில் பொங்கல் விழாவும் பேத்தியும் இருந்தார்கள். இதில் உங்கள் சங்கத்தின் பெயர்கூட இருக்காது. கணினியில் மெயிலின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளியைச் சொடுக்கி `Show original` என்பதைத் திறந்து, `From` வரியையும் `Reply-To` வரியையும் ஒப்பிடுங்கள். அனுப்பியது ஒரு முகவரி, பதில் போவது தொடர்பில்லாத இன்னொரு இலவச முகவரி என்றால் அது தூண்டில்தான். அங்கே `SPF`, `DKIM` என்பவற்றுக்கு எதிரே `PASS` என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அந்த மெயில் அந்தச் சேவையிலிருந்தே வந்தது என்பதற்குத்தான் அது சான்று, எழுதியவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. மோசடிக்காரரும் ஜிமெயில் கணக்கு வைத்திருப்பார்.

இதற்கு மறுப்பாகக்கூடப் பதில் போடாதீர்கள். முகவரியில் ஆள் இருக்கிறார் என்று காட்டிக்கொடுத்ததாகும். `Report spam` கொடுத்துவிட்டு நகருங்கள்.

இன்னொரு வகை உங்கள் தலைவரின் பெயரிலேயே வரும். “நலமா? ஆசிகள். ஒரு சிறு உதவி வேண்டும், இப்போது நேரம் இருக்கிறதா?” பெயர் சரியாக இருக்கும், முகவரி புதிதாக இருக்கும். பதில் போட்டால் பரிசு அட்டை வாங்கி எண்ணை அனுப்பச் சொல்வார்கள், அல்லது அவசரமாக ஒரு தொகை கேட்பார்கள். மெயிலில் தந்த எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தலைவரின் எண்ணுக்குப் பேசிக் கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைத்துப் புகார் செய்ய வேண்டும். `cybercrime.gov.in` தளத்திலும் பதியலாம். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

பதில் வராவிட்டால்

பெரியவருக்கு நீங்கள் எழுதி மூன்று நாள் ஆகியும் பதில் இல்லை, கடைசி நாளும் நெருங்குகிறது என்றால் மறுபடி மெயில் எழுத வேண்டாம். பேரனோ பக்கத்து வீட்டுப் பையனோ தட்டச்சு செய்து கொடுத்த மெயிலாக இருக்கலாம். உங்கள் பதிலை அவர் பார்த்தேயிருக்க மாட்டார். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் எண் இருக்கும், அழைத்துவிடுங்கள். தொலைபேசியிலும் வணக்கம், நலம், மழை, விழா எல்லாம் ஒரு சுற்று வரும். இடைமறிக்காமல் விட்டு, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் “பேத்தி எந்தக் காலேஜில் சேர்கிறாள், ஐயா?” என்று கேளுங்கள். அங்கிருந்து அவரே வந்துவிடுவார். வைப்பதற்கு முன் எந்தச் சான்றிதழ், எத்தனை நகல், எந்த நாளுக்குள் என்பதை மட்டும் ஒருமுறை திருப்பிச் சொல்லி, அவர் வாயாலும் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள்.